முதல் அழைப்பு யாருக்கு?

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தை காலை 9.30 மணிக்குத் திறக்க வேண்டும். ஆனால் 8.01 மணிக்கே நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் கணினி ஒன்று மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கிவிட்டது. அவற்றில் "Power Peg disabled" என்றொரு பிழைச் செய்தி இருந்தது. சந்தை திறப்பதற்குள் இப்படி 97 மின்னஞ்சல்கள் ஊழியர் குழு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. யாரும் அசையவில்லை.

பவர் பெக் என்பது அந்த நிறுவனம் 2003லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய நிரல். எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டிய பணியாளர் ஏழில் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார். அந்த ஒற்றை சர்வரில் பழைய நிரல் உயிர்பெற்றது. அடுத்த 45 நிமிடங்களில் அது நடத்திய பங்குப் பரிமாற்றங்கள் 40 லட்சத்துக்கும் மேல். நட்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த ஆண்டு வெளியிட்ட உத்தரவில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. அந்த மின்னஞ்சல்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று வடிவமைக்கப்பட்டவையே அல்ல. அவை வரும்போது திறந்து பார்க்கும் வழக்கமும் ஊழியர்களிடம் பெரும்பாலும் இல்லை.

கணினி வாய்மூடி இருந்துவிட்டது என்று இங்கே குறை சொல்ல முடியாது. அது யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத்தான் எவரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து இதே கோளாறு வேறு உருவில் வந்தது. ஈக்விஃபாக்ஸ், அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைச் சேமித்து வைக்கும் நிறுவனம். 2017 மார்ச்சில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஆபத்தான ஓட்டை இருப்பதாக அரசு அமைப்பு எச்சரித்தது. மறுநாளே ஈக்விஃபாக்ஸ் அந்தத் தகவலை 400க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் அடைக்கச் சொன்னது. அந்த மென்பொருள் தங்கள் நிறுவனத்தில் எங்கே ஓடுகிறது என்று அறிந்திருந்த நிரலாளர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் இருந்தார். அவர் தன் கீழே இருந்தவருக்கு அதை அனுப்பவில்லை. ஓட்டை திறந்தே கிடந்தது. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. 400 பேருக்குத் தெரிந்திருந்தது, தெரிய வேண்டிய ஒருவருக்குத் தெரியவில்லை என்பதை இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க செனட் துணைக்குழுவின் அறிக்கை எழுதி வைத்தது.

வங்கிச் செயலி, ரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு என எதுவானாலும் பின்னால் ஓடும் சர்வர்களை இன்று இன்னொரு மென்பொருள் இடைவிடாமல் கண்காணிக்கிறது. ஏதாவது எல்லை மீறினால் அது அலர்ட் எழுப்பும். அவசரமானால், அன்று 'ஆன்-கால்' முறையில் இருக்கும் பொறியாளரின் கைபேசி நள்ளிரவிலும் அலறும். இதற்கு அந்தத் துறையினர் வைத்திருக்கும் சொல் 'பேஜ்'. பேஜர் கருவி மறைந்து வெகுகாலம் ஆகியும் சொல் மட்டும் தங்கிவிட்டது. அவர் எடுக்காவிட்டால் சிறிது நேரத்தில் அடுத்தவருக்குப் போகும். அவரும் எடுக்காவிட்டால் அதற்கும் அடுத்தவருக்கு. இந்த ஏணிக்கு எஸ்கலேஷன் என்று பெயர். அமேசானில் வேலை பார்த்து இந்த நள்ளிரவு அழைப்புகளை அறிந்திருந்த மூன்று பொறியாளர்கள் 2009இல் தொடங்கிய பேஜர்ட்யூட்டி போன்ற நிறுவனங்கள் இதை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்தெடுத்தன.

கருவிக்குப் பஞ்சமில்லை. எந்த அலர்ட் யாருக்குப் போக வேண்டும் என்ற விதியை அந்தக் கருவிக்குள் எழுதுவது மட்டும் மனிதர் வேலையாகவே இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் அந்த விதி எப்படி எழுதப்படுகிறது? அலர்ட் எந்த மென்பொருளின் பெயரில் வருகிறதோ, அந்த மென்பொருளைக் கட்டிய குழுவுக்கு. பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அறிகுறி தெரியும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் குழாய்க்காரரைக் கூப்பிடலாம். கீழே மோட்டார் எரிந்திருக்கலாம், அல்லது தெருவுக்கே மின்சாரம் இல்லாமல் இருக்கலாம். குழாய்க்காரர் வந்து பார்த்து, "இது என் வேலையில்லை" என்று சொல்வதற்குள் அரை நாள் போய்விடும்.

இந்த அரை நாளை மைக்ரோசாஃப்ட் அளந்து பார்த்தது. அதன் மேகக் கணினிச் சேவையில் நடந்த கோளாறுகளைப் பற்றி, அந்நிறுவன ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் சிக்காம் மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார்கள். தவறான குழுவுக்குப் போய் அலைந்தால், கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் பத்து மடங்கு வரை கூடக்கூடும் என்றது அக்கட்டுரை. சரிசெய்யும் வேலை கடினமானது என்பதால் வந்த தாமதம் அல்ல இது. கோப்பு மேசை மேசையாகப் போய்வந்த தாமதம்.

அப்படியானால் சரியான மேசையை எப்படி அறிவது? பழைய கோப்புகளிலேயே விடை கிடக்கிறது. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு தடம் உண்டு: எப்போது எழுந்தது, முதலில் யாருக்குப் போனது, யார் ஏற்றார்கள், யாரிடம் மாற்றிவிட்டார்கள், கடைசியில் யார் முடித்தார்கள். கருவிகள் இதையெல்லாம் நிமிடக் கணக்கோடு பதிந்துவைக்கின்றன. படிக்கத்தான் ஆளில்லை.

இதை முதலில் பயன்படுத்திக் காட்டியவர்கள் வேறொரு பிரச்சினையோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். மோசில்லா, எக்லிப்ஸ் போன்ற திறந்தநிலை மென்பொருள்களில் பயனர்கள் பிழைகளைப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு ஒரு நிரலாளரிடம் போகும்; அவர் "எனக்கில்லை" என்று இன்னொருவரிடம் தள்ளுவார். 2009இல் ஜியோங், கிம், சிம்மர்மன் என்ற மூவர் ஏறத்தாழ 4,45,000 பிழைப்பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 37 முதல் 44 சதவீதம் வரை ஒரு முறையாவது கைமாறியிருந்தன. யார் யாரிடம் தள்ளினார்கள், கடைசியில் யார் சரிசெய்தார் என்பதை அம்புக்குறிகளால் இணைத்து அவர்கள் ஒரு வரைபடம் ஆக்கினார்கள். ஒருவரிடம் வந்த பிழையை அவர் பலமுறை இன்னொருவரிடம் தள்ளி, அவர் மூன்றாமவரிடம் தள்ளி, அந்த மூன்றாமவரே எப்போதும் முடித்துவைக்கிறார் என்றால், இடையில் இருக்கும் இரண்டு படிகள் எதற்கு? நேரே அவரிடமே அனுப்பலாம். கைமாறும் தடவைகளை 72 சதவீதம் வரை இந்த முறை குறைக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இந்த யோசனையை நள்ளிரவு அலர்ட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளக்கத்துக்காகப் புனைந்த உதாரணம்தான் இது, எண்களும் புனைந்தவையே. ஒரு நடுத்தர இணையக் கடை. அதில் பணப்பரிமாற்றக் குழு, டேட்டாபேஸ் குழு, நெட்வொர்க் குழு என்று மூன்று. 'பணம் செலுத்துதல் தோல்வி 5 சதவீதத்தைத் தாண்டியது' என்றொரு அலர்ட். பெயரில் பணம் இருப்பதால் அது பணப்பரிமாற்றக் குழுவுக்கே போகிறது. ஆறு மாதத்தில் அது 40 முறை அடித்திருக்கிறது. முதல் நான்கு மாதத்தின் 28 தடவைகளை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வோம். கடைசி இரண்டு மாதத்தை மூடி வைத்துவிடுவோம். ஏன் என்பது பிறகு தெரியும்.

அந்த 28இல், உண்மையில் சரிசெய்தது யார்? பணப்பரிமாற்றக் குழு 10 முறை. டேட்டாபேஸ் குழு 13 முறை. நெட்வொர்க் குழு 4 முறை. ஒரு முறை தானாகவே சரியாகிவிட்டது. ஆக, முதலில் எழுப்பப்பட்ட குழு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் உதவியிருக்கிறது. மற்ற இரவுகளில் அவர்கள் எழுந்து, மடிக்கணினியைத் திறந்து, தங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்னொருவரை எழுப்பியிருக்கிறார்கள்.

உடனே, 'டேட்டாபேஸ் குழுதான் அதிகம் முடித்திருக்கிறது, அங்கேயே அனுப்பிவிடுவோம்' என்று தோன்றும். அப்படிச் செய்தால் 28இல் 13 முறை சரியாக இருக்கும். முன்பு 10, இப்போது 13. பாதிக்குமேல் இன்னும் தவறு, ஆள்தான் மாறியிருக்கிறார். எண்ணிக்கையோடு நின்றால் இதுதான் கதி. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: டேட்டாபேஸ் காரணமாக இருந்த இரவுகளில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது?

தடத்தைப் புரட்டினால், அந்த 13இல் 12 முறை, பண அலர்ட் வருவதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள் 'டேட்டாபேஸ் இணைப்புக்குக் காத்திருப்பு அதிகம்' என்றொரு சின்ன அலர்ட் எழுந்திருக்கிறது. அவசரமில்லாதது என்று வகைப்படுத்தியிருந்ததால் அதற்காக யாரையும் எழுப்பவில்லை. பணப்பரிமாற்றக் குழு முடித்த 10இல் ஒரே ஒரு முறையும், நெட்வொர்க் குழுவின் 4இல் ஒரு முறையும் மட்டுமே அந்தச் சின்ன அலர்ட் முன்னால் வந்திருக்கிறது. இப்போது விதியை இப்படி எழுதலாம்: பத்து நிமிடத்துக்குள் அந்தச் சின்ன அலர்ட் வந்திருந்தால் டேட்டாபேஸ் குழுவை எழுப்பு, இல்லையென்றால் பணப்பரிமாற்றக் குழுவை எழுப்பு. முதல் வகையில் 14 இரவுகள், அதில் 12 சரி. இரண்டாம் வகையில் 14 இரவுகள், அதில் 9 சரி. மொத்தம் 28க்கு 21.

இனி, மூடிவைத்த இரண்டு மாதத்தைத் திறக்கலாம். ஒரு விதியை எந்த இரவுகளைப் பார்த்து எழுதினோமோ, அதே இரவுகளில் அது நன்றாக வேலை செய்வதில் வியப்பில்லை. அது பார்த்திராத 12 இரவுகளில் என்ன செய்கிறது என்பதே சோதனை. பழைய விதி அந்த 12இல் 4 முறை சரியான குழுவை எழுப்பியது. புதிய விதி அனுப்பியிருந்தால் 8 முறை சரியாக இருந்திருக்கும். முக்கால் பங்கு மூன்றில் இரண்டாகக் குறைந்துவிட்டது. அது இயல்பு, ஏற்கத்தக்கதும்கூட. அதுவே 12க்கு 4 என்று விழுந்திருந்தால், நாம் கண்டது வடிவம் அல்ல, தற்செயல் என்று விதியைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கடைக்கு விரிதாளும் ஒரு பிற்பகலும் போதும் என்பதை இந்தக் கணக்கு காட்டும். நூற்றுக்கணக்கான குழுக்கள் உள்ள மைக்ரோசாஃப்டுக்குப் போதாது. அங்கே எல்லாக் குழுக்களையும் அறிந்த ஒரே விதிப்புத்தகத்தை எழுதுவது இயலாத காரியம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அதற்குப் பதில், குழுவுக்கு ஒரு வாயிற்காவலன். 'ஸ்கவுட்' என்று பெயரிட்டார்கள். அது ஒரே ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும்: இந்தக் கோளாறு எங்களுடையதா, இல்லையா? தன் குழு முன்பு கையாண்ட கோளாறுகளிலிருந்தும், தன் குழுவின் கருவிகள் அந்த நேரத்தில் பதிந்த அளவுகளிலிருந்தும் அது கற்றுக்கொள்கிறது. முன்பு பார்த்த வகைக் கோளாறு என்றால் பழகிய முறையில் முடிவெடுக்கும். புதுமாதிரி என்றால், அளவுகளில் திடீர் மாற்றம் ஏதும் நிகழ்ந்ததா என்று தேடும். பௌதிக நெட்வொர்க் குழுவுக்கான ஸ்கவுட் ஒன்று மட்டுமே, தவறாக அனுப்பப்பட்ட கோளாறுகளில் 65 சதவீதத்துக்கு, தீர்வு காணும் நேரத்தைக் குறைக்கிறது என்று கட்டுரை சொல்கிறது. 'இது எங்களுடையதல்ல' என்று ஒரு குழு சீக்கிரம், ஆதாரத்தோடு சொல்ல முடிவதே பெரிய லாபம். நெட்வொர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். எது கெட்டாலும் முதல் பழி அவர்கள் தலையில்தான் விழும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய தடம் பொய் சொல்லும். வேண்டுமென்றே அல்ல.

முதல் பொய், 'முடித்தவர்' என்ற கட்டத்தில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஷிப்ட் தலைவர் வந்து, இரவு முழுவதும் திறந்து கிடந்த அலர்ட்டுகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் மூடுவார். பதிவேட்டின்படி அத்தனையையும் சரிசெய்த மகான் அவரே. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரே நிமிடத்துக்குள் ஒரே ஆள் பத்துப் பதினைந்தை முடித்திருந்தால் அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதேபோல, அலர்ட்டை ஏற்றவரும் சரிசெய்தவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரைத்தூக்கத்தில் 'ஏற்றேன்' பொத்தானை அழுத்தி, கைபேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, யார் செய்ய வேண்டுமோ அவரைத் தனியே தொலைபேசியில் அழைத்தவர்கள் ஏராளம். அந்தத் தொலைபேசி அழைப்பு எந்தத் தடத்திலும் இருக்காது. நம்பத்தக்க சான்று ஒன்றுதான்: கோளாறு அடங்குவதற்குச் சற்று முன்னால் எந்தக் கணினியில் யார் எதை மாற்றினார்கள் என்பது. அது கிடைக்காத இடத்தில், மூடும்போது 'உண்மையில் சரிசெய்த குழு எது?' என்று ஒரே ஒரு கட்டாயக் கேள்வியைச் சேர்ப்பது நல்லது. ஐந்து கேள்விகள் வைத்தால் எல்லோரும் முதல் விடையையே தேர்வு செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவது பொய் இன்னும் நுட்பமானது. அதில் அநியாயமும் கலந்திருக்கிறது. எல்லா நிறுவனத்திலும் ஒருவர் இருப்பார். பத்து வருட அனுபவம், எந்தக் கோளாறும் அவர் கை பட்டால் சரியாகும். தடத்தை ஆள்வாரியாகக் கூட்டினால், பாதி அலர்ட்டுகளுக்கு 'சரியான ஆள்' அவரே என்று வரும். விதியை அப்படியே எழுதிவிட்டால் அவருக்கு இனி இரவு என்பது இல்லை. மற்றவர்கள் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லை. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டால், யாரிடமும் இல்லாத அறிவோடு போய்விடுவார். ஆகவே வரலாற்றிடம் 'எந்தக் குழு' என்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் இன்று யார் என்பதை முறைப்பட்டியல் சொல்லட்டும். அந்த அனுபவசாலியின் இடம் ஏணியின் இரண்டாம் படி. அவர் பெயர் அங்கே அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், அவருக்குத் தெரிந்த எதையோ இன்னும் எழுதி வைக்கவில்லை என்று பொருள்.

கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட, சேவைகளின் நம்பகத்தன்மை பற்றிய புத்தகம் இதற்கு ஓர் எல்லைக்கோடு போட்டது. ஒரு கோளாறைப் புரிந்து, சரிசெய்து, பின் அறிக்கையும் எழுதி முடிக்கச் சராசரியாக ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே 12 மணி நேர ஷிப்டில் ஒருவருக்கு இரண்டு கோளாறுகளுக்கு மேல் வரக் கூடாது. அலர்ட்டை எங்கே அனுப்புவது என்ற கணக்கில் இந்த எண்ணையும் சேர்க்காவிட்டால், துல்லியமான விதியே ஒருவரைத் துல்லியமாகச் சோர்வடையச் செய்துவிடும்.

மூன்றாவதாக, தடம் பழசாகும். குழுக்கள் பிரியும், சேரும், பெயர் மாறும். இரண்டு ஆண்டுக்கு முன் டேட்டாபேஸ் குழு சரிசெய்ததை இன்று வேறொரு குழு கவனிக்கலாம். ஈக்விஃபாக்ஸின் மின்னஞ்சல் பட்டியலுக்கு நேர்ந்தது போல, ஆள் விடுபட்ட பட்டியல் வெளிப்பார்வைக்கு உயிரோடுதான் இருக்கும். அண்மை மாதங்களுக்கு அதிக எடை கொடுப்பதும், குழு அமைப்பு மாறிய நாளுக்கு முந்தைய பதிவுகளை அப்படியே நம்பாமல் இருப்பதும் இதற்கு மருந்து.

முதல் ஆளைத் தேர்ந்தாயிற்று. அவர் எடுக்கவில்லை என்றால் எத்தனை நிமிடம் காத்திருப்பது? பெரும்பாலான இடங்களில் இது யாரோ ஒருவர் ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லி நிலைத்துவிட்ட எண்: 15, அல்லது 30. இதற்கும் தடம் விடை வைத்திருக்கிறது. முன்சொன்ன கடையின் கடைசி 100 இரவு அழைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். 71 அழைப்புகளை இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் 88. பதினைந்து நிமிடத்துக்குள் 90. மீதிப் பத்தை முதல் ஆள் எடுக்கவே இல்லை.

ஐந்தாவது நிமிடத்துக்கும் பதினைந்தாவது நிமிடத்துக்கும் இடையில் கிடைத்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்காக மற்றப் பத்து இரவுகளிலும் கோளாறு மேலும் பத்து நிமிடம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. ஐந்தாவது நிமிடத்திலேயே அடுத்தவரை எழுப்பியிருந்தால், நூறு இரவில் இரண்டு முறை மட்டும் ஒருவர் வீணாக விழித்திருப்பார்; பத்து முறை பத்துப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். எடுப்பவர் சீக்கிரம் எடுத்துவிடுகிறார், எடுக்காதவர் எடுப்பதே இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் இந்த வளைவு மாறும். பகலுக்கும் இரவுக்கும் மாறும். எனவே எண்ணை வெளியிலிருந்து கடன் வாங்காமல் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுப்பதே சரி.

அப்படியென்றால் காத்திருக்கவே வேண்டாம், ஆரம்பத்திலேயே ஐந்து பேரையும் ஒன்றாக எழுப்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நைட் கேப்பிடலின் 97 மின்னஞ்சல்களும் ஒரு குழுவுக்குத்தான் போயின. உளவியலாளர்கள் டார்லியும் லடானேயும் 1968இல் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்தது போன்ற குரல் இன்டர்காம் வழியாகக் கேட்டது. தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் எழுந்தவர்கள் 31 சதவீதம். ஐந்து கைபேசிகள் ஒன்றாக அலறினால், ஐந்து பேரும் மற்ற நால்வரில் ஒருவர் எடுத்திருப்பார் என்று நம்புவார்கள். ஒரு நேரத்தில் ஒரு பெயர் என்பதே நல்ல ஏணிக்கு அடையாளம்.

ஏணியின் மேற்படிகளையும் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களில் இரண்டாம் படி மேலாளர், மூன்றாம் படி அவருக்கும் மேலாளர். பதவி வரிசையை அப்படியே ஏணியாக நிறுத்திவிடுகிறார்கள். மேலாளருக்குப் போன அழைப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், அவற்றில் எத்தனையில் அவர் தானே முடிவெடுத்தார், எத்தனையில் இன்னொரு பொறியாளரை எழுப்பும் தபால்காரர் வேலை மட்டும் பார்த்தார் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது என்றால், அந்தப் படியில் பொறியாளரையே நேரடியாக வைக்கலாம். மேலாளர் தேவைப்படும் இரவுகள் உண்டு: வாடிக்கையாளருக்கு அறிவிக்கவா, சேவையை முழுதாக நிறுத்தவா என்பன போன்ற முடிவுகளுக்கு. அவை அலர்ட் எடுக்கப்படாததால் எழுபவை அல்ல, பாதிப்பின் அளவால் எழுபவை. அந்த இரண்டையும் ஒரே ஏணியில் கட்டுவதுதான் தவறு.

வரலாற்றால் கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு: அனுப்பப்பட்டும் போய்ச் சேராத அலர்ட். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது, தினசரி நகலெடுப்பு முன்பிருந்தே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. அவற்றில் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டது. எவருக்கும் எட்டாத அலர்ட்டுக்கு 'முதலில் எழுப்பப்பட்டவர்', 'முடித்தவர்' என்ற கட்டங்களே இருக்காது. ஆகவே அது எந்த விரிதாளிலும் குறையாகத் தெரியாது. இதற்குத் தலைகீழான ஓர் ஏற்பாட்டைச் செய்கிறார்கள்: எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வைத்து, அது நின்றால் மட்டும் வேறொரு வழியாக ஆளை எழுப்புவது. பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோரிடையே `Watchdog` என்ற பெயரில் இது பரவலாக இருக்கிறது.

விதி மாற்றிய பிறகும் வேலை ஓய்வதில்லை. டேட்டாபேஸ் குழுவுக்கே எல்லாம் போகத் தொடங்கினால், மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டில் 'டேட்டாபேஸ் குழு முடித்தது' என்பதே பெருகி நிற்கும். அது உண்மையான காரணமா, அல்லது முதலில் எழுந்தவர்கள் சர்வரை அணைத்துப் போட்டு தற்காலிகமாகச் சமாளித்ததா என்று பார்க்காமல் அதையே மறுபடி விதிக்குத் தீனியாகப் போட்டால், விதி தன்னைத் தானே மெச்சிக்கொள்ளத் தொடங்கும். ஒரு வாரத்துக்குள் அதே அலர்ட் திரும்ப வந்ததா என்பது இதற்கான எளிய சோதனை. திரும்பி வந்திருந்தால் முன்னதை 'முடிந்தது' என்று எண்ணக் கூடாது.

இந்தத் துறையில் இருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். கடந்த மூன்று மாத அலர்ட் பதிவைத் தரவிறக்கி, முதலில் எழுப்பப்பட்ட குழு, உண்மையில் சரிசெய்த குழு என்று இரண்டே பத்திகளை ஒட்டி வைத்து, இரண்டும் வேறுபடும் வரிகளை எண்ணுங்கள். எந்த அலர்ட்டில் அந்த எண்ணிக்கை மிக அதிகமோ, அதன் விதியை மட்டும் முதலில் மாற்றுங்கள்.